சீரற்ற பலகையின் நிறை மையம்: இரண்டு தராசுகளும் திருப்புவிசைச் சமநிலையும்

கேள்வி: என்னிடம் 2.4 மீட்டர் நீளமும் 4 செ.மீ. தடிப்பும் உள்ள தேக்குப் பலகை இருக்கிறது. ஒரு முனை 30 செ.மீ. அகலம், மறுமுனை 18 செ.மீ. தான். ஒரே கயிற்றில் கட்டி, சாயாமல் மேலே தூக்க வேண்டும். இரண்டு எடை மெஷின்களை வைத்து நிறை மையத்தைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள். எப்படிச் செய்வது? இரண்டு மெஷினும் ஒரே மாதிரி காட்டாவிட்டால் விடை தப்பாகிவிடாதா?

பதில்:

இரண்டு தாங்கிகளின் மேல் அசையாமல் கிடக்கும் பலகையின் மீது மூன்று செங்குத்து விசைகள் மட்டுமே செயல்படுகின்றன. ஒன்று, நிறை மையத்தின் வழியே கீழ்நோக்கிச் செயல்படும் பலகையின் எடை. மற்ற இரண்டும் தாங்கிகள் மேல்நோக்கித் தரும் எதிர்விசைகள். தாங்கிகளின் அடியில் தராசுகளை வைத்தால் அவை காட்டுவது இந்த எதிர்விசைகளைத்தான். இடப்பக்கத் தராசு காட்டும் எண்ணை இடப்பக்கப் பாதியின் எடை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், அது சரியல்ல. பலகையின் ஒவ்வொரு துணுக்கின் எடையும் இரண்டு தாங்கிகளுக்கும் பங்காகப் போகிறது. எந்தத் தாங்கிக்கு அருகில் இருக்கிறதோ அதற்குப் பெரும்பங்கு போகிறது. அந்தப் பங்கீட்டில்தான் நிறை மையம் இருக்கும் இடம் பற்றிய செய்தி ஒளிந்திருக்கிறது.

அகன்ற முனைப் பக்கத் தாங்கியைச் சுழற்சிப் புள்ளியாக எடுத்துக்கொள்வோம். அந்தத் தாங்கியின் எதிர்விசை R₁ சுழற்சிப் புள்ளியின் வழியாகவே செல்வதால் அதற்குத் திருப்புவிசை இல்லை. எஞ்சியவை இரண்டு: பலகையை ஒரு திசையில் சுழற்ற முயலும் எடை W, அதற்கு எதிர்த்திசையில் சுழற்ற முயலும் மறுபக்க எதிர்விசை R₂. பலகை சுழலவில்லை என்பதால் இவ்விரண்டின் திருப்புவிசைகளும் சமமாக இருக்க வேண்டும். தாங்கிகளுக்கு இடையிலான தொலைவு L என்றும், சுழற்சிப் புள்ளியிலிருந்து நிறை மையம் இருக்கும் தொலைவு x என்றும் வைத்தால் W × x = R₂ × L ஆகிறது. மொத்த எடை W என்பது R₁ + R₂ என்பதால் நமக்குத் தேவையான சூத்திரம் இதுதான்:

x = L × R₂ / (R₁ + R₂)

தராசுகள் கிலோகிராமில் காட்டுகின்றன, விசையோ நியூட்டனில் அல்லவா அளக்கப்பட வேண்டும் என்ற ஐயம் இங்கே வேண்டாம். மேலும் கீழும் ஒரே ஈர்ப்பு முடுக்கம் பெருக்கலாக வந்து அடிபட்டுப் போகிறது. பலகையின் வடிவமும் அடர்த்தியும் கணுவும் ஓட்டையும் சூத்திரத்தில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வெளித்தோற்றம் எவ்வளவு கோணலாக இருந்தாலும், உள்ளே மரம் எப்படி மாறினாலும் முறை மாறாது.

இனி ஏற்பாடு. இதில் தவறு நேரும் முதல் இடம் பலகையை நேரடியாகத் தராசுத் தட்டின் மேல் வைப்பது. தட்டு 30 செ.மீ. அகலம் என்றால் பலகை அதை எந்தக் கோட்டில் தொடுகிறது என்று நமக்குத் தெரியாது. தராசு சற்றே சாய்ந்திருந்தாலும், பலகை சற்றே வளைந்திருந்தாலும் தொடும் கோடு தட்டின் ஓர் ஓரத்துக்கு நகர்ந்துவிடும். நீங்கள் தட்டின் நடுவிலிருந்து L அளந்திருக்க, உண்மையில் பலகை 10 செ.மீ. உள்ளே தள்ளி நின்றிருக்கலாம். மொத்த எடையில் 43 விழுக்காட்டைத் தாங்கும் பக்கத்தில் அப்படி நேர்ந்தால் விடையில் 4 செ.மீ.க்கு மேல் பிழை வரும். ஆகவே ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு சிறு ஆங்கிள் இரும்பைக் கூரை போலக் கவிழ்த்து வையுங்கள். பலகை அதன் மேல்விளிம்பை மட்டும் தொட வேண்டும். ஒரு பக்கம் ஆங்கிளும் மறுபக்கம் உருண்டைக் கம்பியும் வைத்தால் இன்னும் நல்லது. பலகையை வைக்கும்போது உண்டாகும் பக்கவாட்டு இழுப்பு, கம்பி சிறிது உருள்வதால் விடுபட்டுவிடும். வைத்து முடித்தபின் அது மேற்கொண்டு உருளாதபடி இருபுறமும் மெல்லிய ஆப்பு செருகி, அதன் உச்சியின் இடத்தைப் பலகையில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிளையும் கம்பியையும் தட்டில் வைத்த பிறகே தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். பலகையை வைத்தபின் பூச்சியப் பொத்தானைத் தொடவே கூடாது. தாங்கிகளின் எடையைக் கழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், இரு பக்கமும் ஒரே எடை கூடுவதால் விடை எப்போதும் இரு தாங்கிகளின் நடுவை நோக்கி இழுக்கப்படும். 15 கிலோ பலகைக்குத் தலா 300 கிராம் தாங்கி என்றால் அந்த இழுப்பு ஏறக்குறைய 5 மி.மீ. வரும். பிழை ஒரே திசையில் வருவதால் எத்தனை முறை திரும்ப அளந்தாலும் அது வெளிப்படாது.

தராசு எது என்பதும் முக்கியம். ஆள் ஏறி நிற்கும் குளியலறைத் தராசு பெரும்பாலும் 100 கிராம் படிகளில் காட்டும். அதோடு, முந்தைய எடைக்கு மிக அருகில் அடுத்த எடை வந்தால் பழைய எண்ணையே திரும்பக் காட்டும் பழக்கமும் பல தராசுகளுக்கு உண்டு. அப்படிப்பட்டதைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு அளவுக்கும் முன்பு பலகையை முழுவதும் தூக்கி, இடையில் வேறொரு பெரிய எடையை வைத்து எடுங்கள். மளிகைக் கடையில் காணும் 30 கிலோ மேசைத் தராசு 5 அல்லது 10 கிராம் படிகளில் காட்டும். இந்த வேலைக்கு அது போதும்.

உங்கள் பலகையின் அளவிலேயே ஒரு கணக்கைச் செய்து காட்டுகிறேன். உண்மையான எண்கள் உங்களுக்கு வேறாக வரும். அகன்ற முனையிலிருந்து 20 செ.மீ. உள்ளே ஒரு கோடும், குறுகிய முனையிலிருந்து 20 செ.மீ. உள்ளே இன்னொரு கோடும் பலகையின் அடிப்பக்கத்தில் பென்சிலால் போடுங்கள். தாங்கிகள் இந்தக் கோடுகளில் நிற்கட்டும். அப்போது L = 200 செ.மீ. அகன்ற பக்கத்தின் கீழ் தராசு ‘அ’, குறுகிய பக்கத்தின் கீழ் தராசு ‘ஆ’. முதல் அளவில் ‘அ’ 8.635 கிலோவும் ‘ஆ’ 6.420 கிலோவும் காட்டுகின்றன என்று கொள்வோம். கூட்டல் 15.055. சூத்திரத்தில் போட்டால் x = 200 × 6.420 / 15.055 = 85.3 செ.மீ. இது அகன்ற பக்கத் தாங்கியிலிருந்து உள்ள தொலைவு. முனையிலிருந்து என்றால் 20 கூட்டி 105.3 செ.மீ.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். தராசுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால் விடை தப்பாகும், ஆனால் அந்தத் தப்பை முழுவதுமாக நீக்கிவிட முடியும். பலகையையும் தாங்கிக் கோடுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு தராசுகளை மட்டும் இடம் மாற்றுங்கள். மாற்றிய தாங்கிகளுடன் பூச்சியம் செய்து மறுபடி அளந்தால் அகன்ற பக்கத்தில் ‘ஆ’ 8.505 கிலோவும், குறுகிய பக்கத்தில் ‘அ’ 6.515 கிலோவும் காட்டுகின்றன. இதிலிருந்து x = 200 × 6.515 / 15.020 = 86.8 செ.மீ. ஒரே பலகைக்கு முதலில் 85.3, பின்னர் 86.8. இந்த 15 மி.மீ. வேறுபாடு முழுவதும் தராசுகளின் குணம். பலகைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

‘அ’ எப்போதும் உண்மையைவிட ஒரு விழுக்காடு கூடுதலாகவும், ‘ஆ’ அரை விழுக்காடு குறைவாகவும் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் இந்த எண்கள் அப்படியே வந்துவிடும். முதல் அளவில் அகன்ற பக்கத்துக்குக் கூடுதல் எடை காட்டப்பட்டதால் நிறை மையம் அந்தப் பக்கம் இழுக்கப்பட்டது. இரண்டாம் அளவில் அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் இழுக்கப்பட்டது. இரண்டின் சராசரி 86.0 செ.மீ. கணிதக் கறாராகச் சொன்னால் x-இன் சராசரியை எடுப்பதைவிட R₂/R₁ என்ற விகிதத்தை இரு அளவுகளிலும் கண்டு, அவற்றைப் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பதே சரி. அப்போது இரு தராசுகளின் பெருக்கல் பிழையும் சுவடில்லாமல் அடிபடும். முதல் விகிதம் 0.7435, இரண்டாவது 0.7660, பெருக்கலின் வர்க்கமூலம் 0.7547. இதிலிருந்தும் 86.0 தான் வருகிறது. தராசுகளுக்கிடையே வேறுபாடு ஓரிரு விழுக்காடு இருக்கும் வரை எளிய சராசரியே போதும். நிறைகளை இடம் மாற்றி இருமுறை நிறுத்து, தராசுத் தண்டின் இரு கைகளின் நீள வேறுபாட்டை நீக்கும் வழி கார்ல் பிரெடரிக் காஸ் பெயரால் அழைக்கப்படுகிறது. இங்கே நாம் செய்வதும் அதே தந்திரம்தான்.

இடம் மாற்றுவது சிரமம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. முழுப் பலகையையும் ‘அ’ மேல் மட்டும் வைத்து நிறுங்கள், பிறகு ‘ஆ’ மேல் மட்டும் வைத்து நிறுங்கள். மேலே சொன்ன தராசுகள் முறையே 15.150, 14.925 என்று காட்டும். இப்போது ‘ஆ’ காட்டிய 6.420-ஐ ‘ஆ’வே காட்டிய 14.925-ஆல் வகுத்தால் 0.430, 200 செ.மீ.யால் பெருக்கினால் 86.0. ஒரு தராசின் எண்ணை அதே தராசின் எண்ணாலேயே வகுப்பதால் அதன் பெருக்கல் பிழை மறைந்துவிடுகிறது. ‘அ’விலும் அப்படியே செய்தால் 8.635 / 15.150 = 0.570 வரும். இரு பின்னங்களையும் கூட்டினால் 1 வர வேண்டும், கூட்டலில் 0.01 அளவுக்கு விலகல் இருந்தால் பெரும்பாலும் பூச்சியம் சரியாகச் செய்யப்படவில்லை என்று பொருள். இதை யோசித்துப் பார்த்தால் ஒரு தராசே போதும் என்பதும் விளங்கும்: மறுபக்கத் தாங்கியைத் தராசின் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி அதன் மேல் வைத்துவிடலாம்.

உயரம் என்றதும் பலர் கவலைப்படுவார்கள். இரு தாங்கிகளும் நீர்மட்டமாக இல்லாவிட்டால் பலகை சாய்கிறது, கணக்கு கெடாதா? மூன்று விசைகளும் செங்குத்தானவை. சாய்வினால் எல்லாக் கிடைமட்டத் தொலைவுகளும் ஒரே விகிதத்தில் சுருங்குகின்றன, ஆகவே விகிதம் மாறுவதில்லை. மிச்சம் இருப்பது நிறை மையம் தாங்கிகளின் விளிம்புக்கு மேலே 2 செ.மீ. உயரத்தில் இருப்பதால் வரும் சிறு நகர்வு. இரண்டு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சாய்வு இருந்தால் அது 0.1 மி.மீ. மட்டுமே. பலகைக்கு இதை மறந்துவிடலாம். உயரமான பெட்டியாக இருந்தால் மறக்க முடியாது.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. தாங்கிகளை எவ்வளவு அகலமாக வைக்கிறோமோ அவ்வளவு துல்லியம் என்று இயல்பாகவே நினைக்கத் தோன்றும். உண்மை நேர் எதிரானது. தராசு ஒரு குறிப்பிட்ட கிராம் அளவுக்குத் தவறினால் அதனால் x-இல் வரும் பிழை L × (எடைப் பிழை) / W என்ற அளவில் இருக்கிறது. அதாவது L பெரிதாகப் பெரிதாகப் பிழையும் பெரிதாகிறது. 100 கிராம் படியுள்ள குளியலறைத் தராசுகளில் ஒவ்வொன்றும் 50 கிராம் தவறலாம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் தவறினால், L = 200 செ.மீ. என்னும்போது பிழை கிட்டத்தட்ட 7 மி.மீ.; L = 40 செ.மீ. என்றால் 1.3 மி.மீ. மட்டுமே.

ஆகவே வேலையை இரு கட்டமாகச் செய்வது நல்லது. முதலில் தாங்கிகளை அகலமாக வைத்து நிறை மையத்தைத் தோராயமாகக் கண்டுகொள்ளுங்கள். நம் கணக்கில் அது அகன்ற முனையிலிருந்து 106 செ.மீ. அடுத்து அதற்கு இருபுறமும் 20 செ.மீ. தள்ளி, அதாவது 86 செ.மீ.யிலும் 126 செ.மீ.யிலும் தாங்கிகளை வைத்து மறுபடி நிறுங்கள். இப்போது இரு பக்கமும் ஏறக்குறைய 7.5 கிலோ வரும். நம் பழுதான தராசுகள் 7.575 என்றும் 7.460 என்றும் காட்டும்; இடம் மாற்றாமலேயே கணக்கிட்டாலும் x = 40 × 7.460 / 15.035 = 19.85 செ.மீ. இருக்க வேண்டிய 20-க்கும் இதற்கும் 1.5 மி.மீ. தான் வேறுபாடு. முன்பு இதே தராசுகள் 7 மி.மீ. தவறின. தாங்கிகளை இன்னும் நெருக்கிக்கொண்டே போனால் கடைசியில் இரண்டும் ஒன்றாகி, ஒரே விளிம்பில் பலகையை நிறுத்திப் பார்க்கும் பழைய முறையே வந்துவிடும். அதில் தராசே தேவையில்லை, பிழையும் இல்லை. ஆனால் பலகை நிற்காது. ஆகவே நெருக்குவதற்கு ஓர் எல்லை வேண்டும். 40 செ.மீ. இடைவெளியில் மின்விசிறிக் காற்று எண்களை ஆட்டலாம், நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத் தெரியாமல் தொட்டால் பலகை கவிழலாம். இந்த நிலையில் எடைப் பிழையைவிட, பென்சில் கோட்டுக்கும் ஆங்கிள் விளிம்புக்கும் இடையே நேரும் ஓரிரு மில்லிமீட்டர் தவறே பெரிதாகிவிடுவதால் அதற்கும் கீழே போவதில் பயனில்லை.

முதல் கட்டத்தில் ஒரு தராசு பூச்சியம் காட்டினாலோ, பலகை ஒரு தாங்கியை விட்டு எழும்பினாலோ நிறை மையம் இரு தாங்கிகளுக்கும் வெளியே இருக்கிறது என்று பொருள். எடை முழுவதையும் தாங்கி நிற்கும் பக்கத் தாங்கியை வெளியே நகர்த்துங்கள்.

கிடைத்த விடையைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஆங்கிளின் கூரிய விளிம்பில் பலகையை ஒற்றையாக நிறுத்த முயல வேண்டாம். நிறை மையம் விளிம்புக்கு மேலே இருப்பதால் அது ஒருபோதும் நிலைத்து நிற்காது, ஏதாவது ஒரு பக்கம் விழும். அதற்குப் பதில் 6 செ.மீ. விட்டமுள்ள குழாய் ஒன்றை உருளாதபடி இறுக்கி, அதன் மேல் 106 செ.மீ. கோட்டை வையுங்கள். குழாயின் ஆரம் 3 செ.மீ., பலகைத் தடிப்பில் பாதி 2 செ.மீ.; ஆரம் பெரிதாக இருப்பதால் பலகை மெல்ல ஆடி நிலைகொள்ளும். உங்கள் கோடு உண்மையான இடத்திலிருந்து d விலகியிருந்தால் பலகை சாய்ந்து நிற்கும் கோணம் ஏறக்குறைய d / (ஆரம் − பாதித் தடிப்பு) ரேடியன். 1 மி.மீ. விலகலுக்கு இது 0.1 ரேடியன், அதாவது ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் முனை 10 செ.மீ. தாழ்ந்து நிற்கும். எந்த முனை தாழ்கிறதோ அந்தப் பக்கம் கோட்டை நகர்த்த வேண்டும். கண்ணாலேயே அரை மில்லிமீட்டர் வரை திருத்திவிடலாம்.

கணக்கை முடிக்கும் முன் வடிவத்தை மட்டும் வைத்து ஒரு மதிப்பீடு செய்துபார்ப்பது பயனுள்ளது. மரம் முழுவதும் ஒரே அடர்த்தி என்று கொண்டால், 30 செ.மீ.யிலிருந்து 18 செ.மீ.க்குச் சீராகக் குறுகும் பலகையின் நிறை மையம் அகன்ற முனையிலிருந்து (240/3) × (30 + 2 × 18) / (30 + 18) = 110 செ.மீ.யில் இருக்க வேண்டும். அங்கே வெட்டினால் இரு துண்டுகளும் சம எடையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அகன்ற துண்டு 52 விழுக்காடும் குறுகிய துண்டு 48 விழுக்காடும் இருக்கும். குறுகிய துண்டு எடை குறைவாக இருந்தாலும் நீளமாக இருப்பதால் சமன் செய்கிறது.

நம் எடுத்துக்காட்டில் தராசுகள் சொன்னது 106, வடிவம் சொன்னது 110. இந்த 4 செ.மீ. வேறுபாடு அளவீட்டுப் பிழையைவிட மிகப் பெரியது. ஆகவே அகன்ற முனைப் பக்கம் மரம் அடர்ந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் அரிது. தடிப்பு அங்கே சில மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். கணுக்கள் அந்தப் பக்கம் குவிந்திருக்கலாம், அல்லது அந்த முனை இன்னும் ஈரமாக இருக்கலாம். ஈரம்தான் காரணம் என்றால் பலகை காயக் காய நிறை மையம் குறுகிய முனையை நோக்கி மெல்ல நகரும். அதனால் பலகையை இப்போதே தூக்கப்போவதில்லை என்றால், தூக்கும் நாளில் குழாய்ச் சோதனையை மட்டும் மறுபடி செய்துகொள்ளுங்கள்.

கயிறு கட்டும்போது இன்னொன்று. இதுவரை கண்டது நீளவாட்டில் நிறை மையத்தின் இடம் மட்டுமே. பலகையின் ஒரு விளிம்பு நேராகவும் மறுவிளிம்பு மட்டும் சாய்வாகவும் இருந்தால் அகலவாட்டிலும் அது நடுக்கோட்டில் இருக்காது. பலகையைச் சுற்றிக் கயிறு கட்டினால் ஒரு விளிம்பு தாழ்ந்து தொங்கும். தாங்கி விளிம்புகளைப் பலகையின் நீளத்துக்கு இணையாக, 10 அல்லது 12 செ.மீ. இடைவெளியில் வைத்து இதே கணக்கை அகலவாட்டிலும் போடலாம். இரு விளிம்புகளும் ஒரே மாதிரி குறுகுகின்றன என்றால் இந்த வேலை தேவையில்லை, 106 செ.மீ. கோட்டின் மேல் கயிற்றைச் சுற்றி, நழுவாமல் இருக்க அடியில் ஒரு சாக்குத் துண்டை வைத்து இறுக்கினால் போதும்.